ஆஸ்பத்திரி பில்லுல டபுள் சார்ஜ் எங்க ஒளிஞ்சிருக்கும்?

கேள்வி: அப்பாவுக்கு பித்தப்பைல கல்லு, லேப்ராஸ்கோப்பி பண்ணாங்க. பேக்கேஜ் 85,000ன்னு சொல்லிட்டு ஃபைனல் பில் 1,92,950 போட்டிருக்காங்க. 11 பக்கம், ஒண்ணும் புரியல. பணம் கட்டிட்டு வந்துட்டோம், இன்சூரன்ஸுக்கு இனிமேதான் அனுப்பணும். எதெல்லாம் ரெண்டு தடவ போட்டிருக்காங்கன்னு எப்படி கண்டுபிடிக்கிறது? பில், எஸ்டிமேட், டிஸ்சார்ஜ் சம்மரி மூணையும் போட்டிருக்கேன்.

பதில்:

மூணையும் பார்த்தேன். நான் முதல்ல ஆஸ்பத்திரி பில்லிங்ல இருந்தேன், அப்புறம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக கிளெய்ம் பாக்கற டி.பி.ஏ. பக்கம் போய்ட்டேன், அதனால இந்த மாதிரி பில்லு எப்படி உருவாகுதுன்னு தெரியும். முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், இந்த 11 பக்கத்த ஒரு ஆளு உக்காந்து டைப் பண்ணல. எமர்ஜென்சில ஒருத்தர் என்ட்ரி போடுவாரு, வார்டு சிஸ்டர் மருந்துக்கு இண்டென்ட் போடுவாங்க, லேப் தனியா போடும், தியேட்டர் தனியா போடும், ரூம் வாடகைய சாஃப்ட்வேரே ராத்திரி 12 மணிக்கு தானா ஏத்திடும். எல்லாம் ஒரே ஐ.பி. நம்பர்ல வந்து சேரும். கடைசில இத எல்லாம் ஒருத்தர் ஒப்பிட்டு பாக்கணும், ஆனா டிஸ்சார்ஜ் அவசரத்துல பெரும்பாலும் டோட்டல மட்டும்தான் பாப்பாங்க. டபுள் வர்றதுல பாதி இதனாலதான், திருட்டுன்னே முடிவு கட்டிட்டு சண்டைக்கு போகாதீங்க. போனீங்கன்னா கவுண்டர்ல இருக்கற பையன் "ஸிஸ்டம்ல அப்படித்தான் சார் வருது"ன்னு சொல்லி முடிச்சிடுவான்.

பில்லு மட்டும் கையில வச்சுக்கிட்டு ஒண்ணும் நிரூபிக்க முடியாது. மெடிக்கல் ரெக்கார்ட்ஸ்ல போய் கேஸ் ஷீட் காப்பி எழுத்துல கேளுங்க, அதுல மருந்து சார்ட்டு, நர்சிங் நோட்ஸ், அனஸ்தீசியா சார்ட்டு, ஆபரேஷன் நோட்ஸ் எல்லாம் வரணும். நோயாளியோ அவர் சார்பா உரிமை உள்ளவங்களோ கேட்டா 72 மணி நேரத்துக்குள்ள குடுக்கணும்னு மெடிக்கல் கவுன்சிலோட 2002 விதியிலயே இருக்கு, ஜெராக்ஸ் காசு கேப்பாங்க, குடுத்துடுங்க. கூடவே ஃபார்மசிலேர்ந்து இஷ்யூ லிஸ்ட்டும் ரிட்டர்ன் லிஸ்ட்டும் பேட்ச் நம்பரோட தனியா வாங்குங்க. உங்க மெயின் பில்லுல "ஃபார்மசி 13,240", "ஓ.டி. ஃபார்மசி 18,640"ன்னு ரெண்டே வரிதான் இருக்கு, கடைசி மூணு பக்கத்துல மருந்து லைன் இருந்தாலும் பேட்ச் நம்பரோட உடைஞ்சு வந்தாதான் பேச முடியும்.

அது வர்ற வரைக்கும் கையில இருக்கறத வச்சே பெரிய விஷயத்த பார்த்துடலாம். முதல்ல நாள் கணக்கு. எனக்கு எப்பவும் கண்ணு போற இடம் இதுதான், ஏன்னா இதுல வாதமே கிடையாது, காலண்டர பார்த்து எண்ணினா போதும்.

அப்பா அட்மிட் ஆனது திங்கள் சாயங்காலம் 6 மணி, டிஸ்சார்ஜ் சனி மதியம் 12 மணிக்கு முன்னாடி. ஆபரேஷன் புதன். அன்னிக்கி மதியம் 1 மணிக்கு ஐ.சி.யூ.ல அப்சர்வேஷன்ல வச்சிட்டு வியாழன் காலைல 11 மணிக்கு வார்டுக்கு மாத்திட்டாங்கன்னு சம்மரிலயே இருக்கு. அப்படின்னா மொத்தம் அஞ்சு ராத்திரி, நாலு வார்டுல, ஒண்ணு ஐ.சி.யூ.ல. இப்ப பில்ல பாருங்க. பேக்கேஜ் எஸ்டிமேட்லயே "3 நாள் ட்வின் ஷேரிங் ரூம் உட்பட"ன்னு எழுதியிருக்கு. அதுக்கு மேல ரூம் வாடகை 3 நாள் 3,500 வீதம் 10,500, ஐ.சி.யூ. 2 நாள் 9,000 வீதம் 18,000. மூணும் மூணும் ரெண்டும் எட்டு நாள். அஞ்சு ராத்திரி தங்கினவருக்கு எட்டு நாள் வாடகை.

எப்படி ஆச்சுன்னா, ஐ.சி.யூ.ல இருந்தது 22 மணி நேரம்தான், ஆனா புதன் வியாழன்னு ரெண்டு தேதிய தொட்டதால சாஃப்ட்வேர் ரெண்டு நாளா எடுத்துருக்கு, அதே ரெண்டு நாளுக்கும் வார்டு வாடகையும் ஓடியிருக்கு. ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி கணக்கு மாறும், சில இடத்துல அட்மிஷன் நேரத்துலேர்ந்து 24 மணி நேரம் ஒரு நாள், சில இடத்துல மதியம் 12லேர்ந்து மறுநாள் 12, சில இடத்துல தேதி மாறினாலே ஒரு நாள். அவங்க ரூல் எதுன்னு டாரிஃப் கார்டுல இருக்கும், அட்மிஷன் ஃபார்ம் பின்னாடியும் இருக்கும். 24 மணி நேர கணக்குன்னா பேக்கேஜ்ல மூணு வார்டு நாள் போக, ஒரு வார்டு நாள் 3,500, ஒரு ஐ.சி.யூ. நாள் 9,000, ஆக 12,500தான் வரணும். போட்டது 28,500, அதிகம் 16,000. தேதி கணக்குன்னே வச்சுக்குவோம், திங்கள்லேர்ந்து சனி வரை ஆறு தேதி, அப்பவும் கூட ஒரு வார்டு நாள் சேர்த்து 16,000தான் ஆகும், அதிகம் 12,500. எந்த ரூல எடுத்தாலும் எட்டு நாள் வராது.

ஒரே ஒரு விஷயம் மட்டும் உங்கள நீங்களே கேட்டுக்கங்க. அப்பா ஐ.சி.யூ.ல இருந்தப்ப வார்டு ரூம காலி பண்ணீங்களா, இல்ல அம்மா அங்கயே பையோட உக்காந்திருந்தாங்களா? ரூம வச்சிருந்தா "ரிடென்ஷன்"ன்னு அந்த ராத்திரிக்கும் வாடகை போடுவாங்க, அத முன்னாடியே சொல்லி கையெழுத்து வாங்கியிருந்தா தப்புன்னு சொல்ல முடியாது, அந்த ஒரு 3,500ஐ விட்டுடுங்க. ரூம் வாடகைக்கு ஜி.எஸ்.டி. போட்டிருக்காங்களான்னும் ஒரு பார்வை பாருங்க, 2022 ஜூலைலேர்ந்து ஒரு நாளைக்கு 5,000க்கு மேல இருக்கற ரூமுக்கு மட்டும்தான் 5 சதவீதம், ஐ.சி.யூ.க்கு கிடையாது. உங்க பில்லுல போடல, சரியா இருக்கு.

அடுத்தது பேக்கேஜ். எஸ்டிமேட் தாள்ல கீழ பொடி எழுத்துல "சர்ஜன், அனஸ்தீசியா, தியேட்டர், சர்ஜன் விசிட், 3 நாள் ரூம் உட்பட, மருந்து, லேப், ஸ்கேன் தனி"ன்னு இருக்கு. இந்த ஒரு வரிதான் உங்க ஆயுதம். இத வச்சு பில்லோட ஒவ்வொரு தலைப்பையும் "இது உள்ளயா வெளியயா"ன்னு பிரிச்சுக்கங்க. மருந்து, லேப், எம்.ஆர்.சி.பி. ஸ்கேன் எல்லாம் வெளிய, சரி. ஆனா டாக்டர் ஃபீஸ் 9,600ல சர்ஜன் விசிட் மூணு தடவ 800 வீதம் 2,400 இருக்கு, அது உள்ள வரணும். மயக்க டாக்டர் ஆபரேஷனுக்கு முன்னாடி வந்து பாத்தத தனியா போட்டிருந்தா அதையும் கேக்கலாம், உங்களுதுல இல்ல. சுகர் டாக்டர் வந்தது தனி, அது நியாயம்தான், ஆனா அவர் எழுதின நோட் கேஸ் ஷீட்ல தேதியோட இருக்கணும். விசிட் நாலு போட்டிருந்தா நோட்டும் நாலு இருக்கணும், போன்ல கேட்டு டியூட்டி டாக்டர் எழுதினதுக்கு விசிட் ஃபீஸ் போடறது அடிக்கடி நடக்கும்.

இந்த பேக்கேஜ் குழப்பம் ஏன் வருதுன்னு தெரிஞ்சா பேச வசதியா இருக்கும். உங்க அப்பா திங்கக்கிழமை வலியோட எமர்ஜென்சிக்கு வந்தாரு, அப்ப பேக்கேஜே கிடையாது, எல்லாம் ஓப்பன் பில்லிங்ல ஏறிக்கிட்டிருந்துச்சு. செவ்வாக்கிழமைதான் ஆபரேஷன்னு முடிவாகி பேக்கேஜ் போட்டாங்க. சாஃப்ட்வேர்ல பேக்கேஜ் டேக் பண்றதுக்கு முன்னாடி ஏறினது தானா உள்ள போகாது, யாராவது கையால நகத்தணும். அதனால "பேக்கேஜுக்கு முன்னாடி ஏறின சார்ஜ மேப் பண்ணீங்களா"ன்னு கேளுங்க, பில்லிங்ல இருக்கறவங்களுக்கு உடனே புரியும்.

"லேப்ராஸ்கோப்பி எக்விப்மென்ட் சார்ஜ் 8,000"ன்னு ஒரு வரி இருக்கு பாருங்க. பேக்கேஜ் பேரே லேப்ராஸ்கோப்பி பித்தப்பை ஆபரேஷன், கேமராவும் டவரும் இல்லாம அந்த ஆபரேஷனே கிடையாது, தியேட்டர் சார்ஜும் உள்ளன்னு எழுதியிருக்கு, அப்புறம் எக்விப்மென்ட்டுக்கு தனியா எதுக்கு? இத தப்புன்னு நான் அடிச்சு சொல்ல மாட்டேன், டாரிஃப்ல எக்விப்மென்ட் தனின்னு போட்டு வச்சிருப்பாங்க சில இடத்துல. ஆனா எஸ்டிமேட்ல அப்படி ஒரு வார்த்த இல்ல, அதனால "எஸ்டிமேட்ல இல்லாதத எந்த அடிப்படைல போட்டீங்க"ன்னு எழுத்துல பதில் கேளுங்க.

லேப் 14,350. இதுல ரெண்டு விதமான டபுள் இருக்கும். ஒண்ணு, ஒரே டெஸ்ட் ரெண்டு நாள்ல ரெண்டு தடவ. இது பாதி நேரம் நியாயமானது. கல்லு பித்தப்பைலேர்ந்து நழுவி பித்த குழாய்ல அடைக்குதான்னு பாக்க பிலிருபின் ஏறுதா இறங்குதான்னு திரும்ப திரும்ப எடுப்பாங்க, எல்.எஃப்.டி.ங்கற லிவர் டெஸ்ட் மூணு தடவ இருக்கறத நான் கேள்வி கேக்க மாட்டேன், எம்.ஆர்.சி.பி. எடுத்ததும் அதுக்குத்தான். இன்னொண்ணுதான் உண்மையான டபுள், அதாவது தொகுப்பா ஒரு தடவ, அதுக்குள்ள இருக்கறதயே உதிரியா இன்னொரு தடவ. செவ்வாக்கிழமை காலைல எல்.எஃப்.டி. இருக்கு, அதே நேரத்துல பிலிருபின் 350, எஸ்.ஜி.பி.டி. 250 தனியா இருக்கு. எல்.எஃப்.டி.ங்கறதே அதெல்லாம் சேர்ந்ததுதான். அதே மாதிரி "ப்ரீ ஆப் ப்ரொஃபைல்"னு ஒண்ணு போட்டிருக்காங்க, அதுக்குள்ள எச்.ஐ.வி., மஞ்சக்காமாலை பி, சி எல்லாம் வருது, அப்புறம் கீழ 1,600க்கு அந்த மூணையும் தனியாவும் போட்டிருக்காங்க. ஒரே நாள்ல ரெண்டு தடவ இத எடுக்க எந்த காரணமும் இல்ல.

நிரூபிக்கறது சுலபம். ரிப்போர்ட் தாள்ல சாம்பிள் நம்பரும் ரத்தம் எடுத்த நேரமும் இருக்கும். பில்லுல ரெண்டு வரி, ரிப்போர்ட் ஒண்ணுதான், சாம்பிள் நம்பர் ஒண்ணுதான்னா முடிஞ்சுது. மொத்தம் 2,200 இதுல. வேற தொகுப்புலயும் இதே கத நடக்கும், சி.பி.சி. போட்டுட்டு ஹீமோகுளோபின் தனியா, எலக்ட்ரோலைட்ஸ் போட்டுட்டு சோடியம் பொட்டாசியம் தனியா. விரல்ல குத்தி பாக்கற சுகர் டெஸ்ட் எத்தன தடவன்னு சுகர் சார்ட்ல எண்ணிக்கங்க, அதுல எழுதியிருக்கற ரீடிங்குக்கு மேல பில்லுல இருக்க கூடாது.

இப்ப ஃபார்மசி. இதுதான் பொறுமை வேணுங்கற இடம், ஆனா எல்லா மருந்தையும் பாக்காதீங்க, பைத்தியம் புடிச்சிடும். விலை அதிகமா இருக்கற நாலஞ்சு மட்டும் எடுங்க, பெரும்பாலும் ஆன்டிபயாடிக் ஊசி, பாராசிட்டமால் ட்ரிப், வாந்திக்கும் அசிடிட்டிக்கும் போடற ஊசி, தியேட்டர் ஐட்டம். ஒவ்வொண்ணுக்கும் ஒரே கணக்குதான், வார்டுக்கு குடுத்ததுலேர்ந்து திருப்பி அனுப்புனத கழிச்சா, அது சார்ட்ல சிஸ்டர் டிக் போட்டு கையெழுத்து வச்ச டோஸுக்கு சமமா இருக்கணும்.

உங்க சம்மரிய வச்சே ஒண்ணு போட்டு காட்டறேன். செஃபோபெரசோன் சல்பாக்டம் 1.5 கிராம், காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணு, திங்கள் ராத்திரி ஆரம்பிச்சு வெள்ளி காலைல நிறுத்தி மாத்திரைக்கு மாத்திட்டாங்க. திங்கள் 1, செவ்வாய் 2, புதன் 2, வியாழன் 2, வெள்ளி 1, ஆக 8. ஆபரேஷனுக்கு கத்தி வைக்கறதுக்கு முன்னாடி தியேட்டர்ல ஒரு டோஸ் கூட போட்டிருக்கலாம், அது வார்டு சார்ட்ல இருக்காது, அனஸ்தீசியா சார்ட்ல இருக்கும், இத மறந்துட்டு போய் நின்னீங்கன்னா அவங்க உங்கள மடக்கிடுவாங்க. அதயும் சேர்த்தா 9. 11 பக்கத்துல கடைசி மூணு பக்கம் இருக்கற மருந்து லைன்ல நான் எண்ணினது 6, 4, 4ன்னு 14 இஷ்யூ, ரிட்டர்ன் 2. நிகரம் 12. மூணு வயல் எங்க போச்சு? ஒண்ணு 380 வீதம் 1,140. ஒரு வயல் ஒடஞ்சிருக்கலாம்னு சொல்வாங்க, சரி, மூணுமா ஒடஞ்சுது?

இது பெரும்பாலும் எப்படி நடக்குதுன்னா, மருந்த மாத்திரைக்கு மாத்தின அன்னிக்கி மீதி வயல் வார்டு ட்ரேல கிடக்கும், ரிட்டர்ன் என்ட்ரி போட மறந்துடுவாங்க, அது வேற பேஷண்ட்டுக்கு போகும், அவருக்கும் பில் ஆகும். அதனால மருந்து மாறின நாளயும், ஐ.சி.யூ.லேர்ந்து வார்டுக்கு மாறின நாளயும் குறிவச்சு பாருங்க. ஐ.சி.யூ.ல ஒரு செட்டு வாங்கி, வார்டுக்கு வந்ததும் புதுசா இன்னொரு செட்டு இண்டென்ட் போட்டு, பழசு ரிட்டர்ன் ஆகாம இருக்கும்.

விலைய பத்தி ஒரு வார்த்த. வெளில பாதி விலைக்கு கிடைக்குதேன்னு வாதாடாதீங்க, அது நியாயமான ஆதங்கம்தான் ஆனா அதுக்கு காசு திரும்ப வராது. 2018ல மத்திய மருந்து விலை ஆணையம் டெல்லி பக்கத்துல நாலு பெரிய ஆஸ்பத்திரியோட பில்ல ஆராய்ஞ்சு, சில ஐட்டத்துல லாபம் 1,737 சதவீதம் வரைக்கும் இருக்குன்னு வெளியிட்டாங்க, அதெல்லாம் எம்.ஆர்.பி.ய ஒசத்தி அச்சடிச்சு எம்.ஆர்.பி.க்குள்ளயே வித்தது. ஆனா பாக்கெட்ல அச்சடிச்ச எம்.ஆர்.பி.க்கு மேல ஒரு ரூபா போட்டாலும் சட்டப்படி தப்பு, எம்.ஆர்.பி.ல வரி சேர்ந்திருக்கு, மேல ஜி.எஸ்.டி. சேக்க கூடாது. மருந்துக்கு அரசு உச்சவரம்பு இருக்கான்னு பாக்க பார்மா சஹி தாம்னு அந்த ஆணையத்தோட ஆப்பே இருக்கு.

ஓ.டி. ஃபார்மசி 18,640 உடைஞ்சு வந்ததும் ரெண்டு விஷயத்த தேடுங்க. "லேப் கிட்"னு, அதாவது லேப்ராஸ்கோப்பி கிட்னு ஒரு செட்டு இருந்தா அதுக்குள்ள என்னென்ன இருக்குன்னு கேளுங்க, பொதுவா ட்ரேப், கவுன், கேமரா கவர் எல்லாம் வரும், அப்புறம் அதே ட்ரேப்பும் கவுனும் தனியா இருந்தா அது தொகுப்பு டபுள், லேப்ல பாத்த அதே கத. ரெண்டாவது, பல பேருக்கு பயன்படுத்தற பாட்டில். மயக்கத்துக்கு மூச்சு வழியா குடுக்கற செவோஃப்ளூரேன் 250 மில்லி பாட்டில் ஒரு ஆபரேஷனுக்கு தீராது, மில்லி கணக்குலயோ மணி கணக்குலயோதான் போடணும், முழு பாட்டில் விலை உங்க பேர்ல இருந்தா கேளுங்க. ஆனா ஒடச்ச சின்ன ஆம்பியூல் பாதி போட்டாலும் முழு விலை போடறது சரிதான், மீதிய இன்னொருத்தருக்கு போட முடியாது. கேமராவ வயித்துக்குள்ள நுழைக்கற குழாய டிஸ்போசபிள் ட்ரோகார்னு போட்டிருந்தா ஆபரேஷன் நோட்ஸ்லயும் பேட்ச் நம்பர்லயும் ஒப்பிடுங்க, நிறைய இடத்துல திரும்ப பயன்படுத்தற ஸ்டீல் ட்ரோகார்தான் போடறாங்க.

கடைசில "இதர" 6,120. ரெஜிஸ்ட்ரேஷன், அட்மிஷன் கிட், எம்.ஆர்.டி.ங்கற ரெக்கார்ட்ஸ் சார்ஜ், பல்ஸ் ஆக்சிமீட்டர், இன்ஃப்யூஷன் பம்ப், நர்சிங், அதுக்கும் கீழ சர்வீஸ் சார்ஜ். இங்க இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. போட்ட நாலு பட்டியல் உதவும், உங்க பாலிசி புத்தகத்து கடைசி பக்கங்கள்லயே இருக்கும். முதல் பட்டியல்ல 68 ஐட்டம், அது இன்சூரன்ஸ் குடுக்காது, உங்க கையிலேர்ந்துதான். அடுத்த மூணு பட்டியல் ரூம் வாடகைக்குள்ள அடங்கறது, ஆபரேஷன் சார்ஜுக்குள்ள அடங்கறது, சிகிச்சை செலவுக்குள்ள அடங்கறது. பல்ஸ் ஆக்சிமீட்டர், அட்மிஷன் கிட், ஃபைல் ஓப்பனிங், விளக்கம் இல்லாத இதர செலவு எல்லாம் ரூமுக்குள்ள. ப்ளேடு, காஸ், கேமரா கவர் ஆபரேஷனுக்குள்ள. ரெஜிஸ்ட்ரேஷன், இன்ஃப்யூஷன் பம்ப், யூரின் பேக் சிகிச்சைக்குள்ள. நீங்க இப்படியே அனுப்புனீங்கன்னா டி.பி.ஏ. இதெல்லாத்தயும் வெட்டிடும், வெட்டினது உங்க தலைல விழும். முதல் பட்டியல்லயே "நர்சிங் சார்ஜ் போட்டிருக்கறப்ப சர்வீஸ் சார்ஜ்"னும், "விவரம் இல்லாத கிட்"னும் தனி வரியாவே இருக்கு, எத்தன பில்ல பார்த்து நொந்து எழுதியிருப்பாங்கன்னு நினைச்சுக்குவேன். பட்டியல் ஆஸ்பத்திரிய நேரடியா கட்டுப்படுத்தற சட்டம் இல்ல, ஆனா "இது ரூமுக்குள்ள அடங்கும்னு பாலிசிலயே இருக்கு, எங்களுக்கு ஏன் தனியா"ன்னு கேட்டா நிறைய இடத்துல எடுத்துடறாங்க.

கேக்கறப்ப வாய்ல பேசாதீங்க. ஒரு தாள்ல பில் வரி, தேதி, தொகை, எந்த ஆதாரத்தோட பொருந்தலன்னு நாலு காலம் போட்டு எழுதுங்க, உறுதியானது மேல, சந்தேகம் கீழ. உங்களுக்கு உறுதியானது நாள் கணக்கு குறைஞ்சது 12,500 (ரூம வச்சிருந்தா அதுல 3,500 கழிச்சுக்கங்க), சர்ஜன் விசிட் 2,400, லேப் 2,200. வயல் 1,140 சார்ட்டு கைக்கு வந்து எண்ணின பிறகு. எக்விப்மென்ட் 8,000, கிட், இதர எல்லாம் கேள்வியா மட்டும் போடுங்க. பில்லிங் மேனேஜருக்கு குடுத்து நகல்ல சீல் வாங்கிக்கங்க, மெயிலும் அனுப்புங்க. பதில் வரலன்னா மாவட்ட மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநருக்கு எழுதலாம், தமிழ்நாட்டுல தனியார் ஆஸ்பத்திரிகள் 1997 சட்டப்படி அவங்க கண்காணிப்புல வருது. நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915ம் இருக்கு. எம்.ஆர்.பி.க்கு மேல போட்டிருந்தா மட்டும் நேரா மருந்து விலை ஆணையத்துக்கு.

இன்சூரன்ஸுக்கு கடைசி தேதி பாலிசில பாத்துக்கங்க, அதுக்குள்ள திருத்தின பில் வரலன்னா காத்திருக்காம இருக்கற பில்லயே அனுப்பி, திருத்தம் கேட்டிருக்கோம்னு கவரிங் லெட்டர்ல ஒரு வரி போடுங்க. அப்புறம் ஆஸ்பத்திரி பணம் திருப்பி குடுத்தா அந்த ரீஃபண்ட் ரசீத இன்சூரன்ஸுக்கும் அனுப்பணும், அவங்க ஏற்கனவே குடுத்த தொகைக்குள்ள வர்ற பகுதி அவங்களுது, வெட்டின தொகைலேர்ந்து வந்தது மட்டும்தான் உங்களுது.